பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி நாள்

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘குளோரின்’. காலையில் சீவி முடித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாலும் மாலையில் போகும்போது பூ வாசம் போய் அந்த வாடைதான் மிஞ்சும். பதினோரு வருட வேலை. ஊரில் எந்தத் தெருக்குழாயில் எப்போது தண்ணீர் கலங்கும், எந்தத் தொட்டியைக் கழுவியதாகச் சொல்லிக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்து என்ன செய்ய? அவள் எழுதும் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் மேலே இருக்கிறார். அவருக்கும் மேலே இருக்கிறவர் அதைப் படிக்காமலேயே கோப்பில் கட்டி வைப்பார். மேற்படிப்பு இருந்தால்தான் அந்த நாற்காலிகளின் பக்கம் போக முடியும். அதனால்தான் முப்பத்துநாலு வயதில், மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் குடிநீர்ப் பாதுகாப்பு பற்றி ஒரு வருடம் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள்.

கிளம்பினாள் என்று சொல்வது எளிது. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஏற வேண்டிய படிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தாலே பாதிப் பேர் கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், கூட்டிக் கழித்துச் சமாளிக்க முடியாது. பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு முத்திரை வைத்து வாங்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும். ஏன் படிக்கிறேன், படித்து என்ன கிழிக்கப் போகிறேன் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம். இரண்டுக்கும் வேறு வேறு கடைசி நாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது.

உதவித்தொகைதான் எல்லாவற்றிலும் பெரிய கதவு. அது கிடைத்தால் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவளுக்கு மட்டும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு பைசா கிடையாது. கிடைக்காவிட்டால் வங்கிக் கடன். கடனுக்கு ஈடாக வைக்கச் சொந்த வீடு கிடையாது. ஆகவே வேறு வழி என்று ஒன்று இருக்கவே இல்லை. இது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும்.

புருஷனுக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டூட்டி போடுகிறவர். டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இருபது நிமிஷம்’. ஆறு மணி வண்டிக்கு ஐந்து நாற்பது என்று எழுதிப் பலகையில் ஒட்டுவார். அப்போதுதான் ஆள் ஆறு மணிக்காவது வந்து சேருவான் என்பது அவர் கணக்கு. இது டிப்போவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் ஐந்து நாற்பது என்று போட்டிருந்தால் ஆறு மணிக்கு வருவார்கள். வண்டியும் ஆறு மணிக்குக் கிளம்பும். அவர் தன் சாமர்த்தியத்தில் வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது என்று பூரித்துக்கொள்வார். வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான், கால் மணி நேரம் முன்னால் ஓடும். எட்டு வயதுப் பெண்கூட அதைப் பார்த்து மனசுக்குள் கழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தூங்கும்.

அந்த மனிதர்தான் இந்த விண்ணப்ப வேலைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

“நீ லேபைப் பாரு, பாப்பாவைப் பாரு, படிக்கிறதைப் பாரு. தேதியெல்லாம் என் பொறுப்பு. நூத்திப் பத்து வண்டியை ஓட்டுறேன், உன் ஒருத்தியை ஓட்ட மாட்டேனா?”

“நான் என்ன பஸ்ஸா?”

“பஸ்ஸுன்னா பரவாயில்லையே, எதிர்த்துப் பேசாது.”

பழைய பஸ் நேர அட்டவணை ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார். வெளியே ஒட்டினால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான், நடக்காமல் போனால் அசிங்கம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வந்திருந்தார்: விண்ணப்பம் முடியும் தேதி, அதற்கு முன் மதிப்பெண் பட்டியல், அதற்கு முன் தேர்வு. கடிதங்களுக்கு அவர்கள் இன்னும் தேதி சொல்லாததால் அந்தக் கட்டம் மட்டும் காலி. பார்க்கவே ஒழுங்காக இருந்தது. புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தால் தேதிகள் முகத்தில் அடிக்கும்.

தேர்வுக்குப் பணம் கட்டும்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அட்டவணைப்படி பதிவுக்கு அன்றுதான் கடைசி நாள். அலறியடித்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால், அங்கே இன்னும் பத்து நாள் இருந்தது. மதிப்பெண் பட்டியலுக்கும் அதே கதை. கல்லூரியில் கொடுத்த தேதிக்கும் பீரோ தேதிக்கும் பத்து நாள் வித்தியாசம். சிரிப்பு வந்தது. மனுஷன் என்னையும் டிரைவராக்கிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அவருக்கும் ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளும் டிப்போ ஆட்களைப் போல, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பத்து நாளைக் கூட்டிக்கொண்டாள்.

ஜூலையில் தேர்வு எழுதினாள். எழுத்துப் பகுதியில் மட்டும் நூலிழையில் தப்பினாள். அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அடுத்த வருடம் செப்டம்பரில் வகுப்புத் தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். மதிப்பெண் பட்டியலுக்குக் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு நடையாய் நடந்தாள். ஒரு நாள் முத்திரை வைக்கிறவர் லீவு. இன்னொரு நாள் அவர் வந்திருந்தார், முத்திரை பீரோவில் இருந்தது, பீரோ சாவிக்காரர் லீவு. மூன்றாவது முறை உறை கையில் வந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாள். அக்டோபரில் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் அனுப்பி முடித்தாள்.

மிச்சம் இருந்தது இரண்டு பரிந்துரைக் கடிதம். விண்ணப்பிக்கிறவர் தன் கையால் அனுப்பக் கூடாது. விண்ணப்பத்தில் யார் பெயரைக் கொடுக்கிறோமோ அவருக்கு உதவித்தொகை அலுவலகம் நேராக ஒரு இணைப்பை அனுப்பும். அவர் அதைத் திறந்து கடிதத்தை ஏற்ற வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்தால்தான் விண்ணப்பம் முழுசு. கல்லூரிப் பேராசிரியர், ரிட்டயர்டு ஆனவர், மறுநாளே ஏற்றிவிட்டார். அவருக்கு வேறு வேலை இல்லை பாவம். இரண்டாவது ஆள், பரிசோதனைக்கூடத்தின் தலைமை வேதியியலாளர்.

“எனக்கு எங்கம்மா டைம்? நீங்களே எழுதிட்டு வாங்க, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார் அவர். எல்லா மேலதிகாரியும் இப்படித்தான் சொல்வார்கள்.

தன்னைத்தானே புகழ்ந்து எழுதுவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. ‘மிகுந்த பொறுப்புணர்வு உள்ளவர்’ என்று எழுதிவிட்டு, கூச்சத்தில் ‘மிகுந்த’வை அடித்தாள். பிறகு வெறும் பொறுப்புணர்வு போதுமா என்று பயந்து மறுபடி சேர்த்தாள். பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே, தன் பெருமைகளை யோசித்தாள். யோசிக்க யோசிக்க அது யாரோ ஒரு அக்காவைப் பற்றி எழுதுவது போல ஆகிவிட்டது. அந்த அக்கா நன்றாகத் தூங்குகிறவள், யார் மேலும் எரிந்து விழாதவள். ஒருவழியாக முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேதியியலாளர் ஒரே ஒரு சொல்லை மாற்றினார், கையெழுத்துப் போட்டார், மேசைமேல் கோப்புத் தட்டில் வைத்தார்.

“லிங்க் வந்திருக்கும் சார், ஆபீஸ் மெயிலுக்கு. அதுல ஏத்தணும்.”

“ஏத்திடலாம், ஏத்திடலாம். எப்போ கடைசி?”

பீரோவில் எழுதியிருந்தது நவம்பர் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. அவள் கூட்டிப் பார்த்தாள்.

“இருபத்திநாலு சார்.”

“அட, நிறைய நாள் இருக்கே.”

அந்த வாரம்தான் கிழக்குப் பகுதியில் வயிற்றுப்போக்கு. மழையில் சாக்கடை நீர் எங்கேயோ குழாயில் கலந்துவிட்டது. மாதிரிப் புட்டிகள் கூடை கூடையாக வந்தன. ஒவ்வொன்றையும் வடிகட்டி, தட்டில் வைத்து, இன்குபேட்டரில் ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்தால்தான் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அவசரம் என்று கிருமியிடம் சொல்ல முடியாது. மேலதிகாரிகளோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தார்கள். வேதியியலாளர் ஆணையர் அலுவலகத்திலேயே குடியிருந்தார். அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடிதம் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் பத்து நாள் கையில் இருக்கிறது என்ற தைரியம், நோய்க்காரக் குழந்தைகளை விட்டுவிட்டு என் கடிதத்தை ஏற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சம். இரண்டும் சேர்ந்து வாயை அடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகள் கிருமி இல்லாமல் சுத்தமாக வந்தன. திங்கட்கிழமை காலை அவள் அவர் அறைக்குப் போனாள்.

“சார், அந்த லெட்டர்...”

“அட ஆமா. வாங்க, இப்பவே முடிச்சிடலாம்.” அவர் அஞ்சலைத் திறந்தார், இணைப்பை அழுத்தினார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார். “மூடியாச்சுன்னு போட்டிருக்கேம்மா. பதினாலோட முடிஞ்சுதாமே?”

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பதினாலாம் தேதி மாலை ஐந்து மணி, அவர்கள் நாட்டு நேரம். அடியில் சின்ன எழுத்தில், கடிதம் வராத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட மாட்டாது.

“நீங்க இருபத்திநாலுன்னு சொன்ன மாதிரி ஞாபகம்” என்றார் அவர், மெதுவாக.

“ஆமா சார். நான்தான் சொன்னேன்.”

அவர் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு தவித்தார். ஊரில் நோய் பரவியதையும் சேர்த்து, தன் பெயரிலேயே அந்த அலுவலகத்துக்கு ஒரு அஞ்சல் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். வருந்துகிறோம், விதிவிலக்கு இல்லை, அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாம். அவள் பரிசோதனைக்கூடத்துக்குத் திரும்பி வந்து அன்றைய புட்டிகளைக் கழுவினாள். கழுவுவது அவள் வேலையே இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது புருஷன் பீரோவைத் திறந்து அட்டவணையைப் பார்த்தார். “பதினாலுன்னு சரியாத்தானே போட்டிருக்கேன்” என்றார்.

“அதான் கேக்கறேன். மத்ததெல்லாம் பத்து நாள் முன்னாடி போட்டீங்க. இது மட்டும் எப்படிச் சரியாப் போட்டீங்க?”

அவர் முகம் மாறியது. “உனக்குத் தெரியுமா?”

“எனக்கா? டிப்போவுக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது, எங்களுக்குத் தெரியும்னு.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் பெண் சத்தம்போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தது.

“மத்த தேதியெல்லாம் ஒரே நாள்ல உக்காந்து எழுதினது” என்றார். “கடிதத்துக்குத் தேதியை அவங்க பிந்தித்தான் போட்டாங்க. அதை எழுதினது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அன்னிக்கு. நீ டூட்டிக்குப் போயிட்ட. அது வாந்தி எடுத்து, அம்மா அம்மான்னு அழுதுட்டே இருந்துச்சு. ஒரு வருஷம் இதை நான் தனியா எப்படி ஓட்டப்போறேன்னு நினைச்சிட்டே பேனாவை எடுத்தேன். பத்து நாள் முன்னாடி போடக் கை வரல. அங்க என்ன இருந்துச்சோ அதையே எழுதிட்டேன்.”

“வேணும்னே செஞ்சீங்களா?”

“தெரியல” என்றார். மறுபடியும், “சத்தியமாத் தெரியல” என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தில் பீரோ கதவை அடித்துச் சாத்தினாள். சரியான தேதியை எழுதியதற்காக ஒரு மனுஷனிடம் சண்டை போட வேண்டிய நிலைமை உலகத்தில் யாருக்கு வரும்? கோர்ட்டுக்குப் போனாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பாகும். அது வேறு கோபத்தைக் கிளப்பியது. இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை மடித்தாள், பேசவில்லை. அவர் டிப்போவுக்குச் சீக்கிரமே போய், தாமதமாகவே திரும்பினார்.

மூன்றாம் நாள் காலை அலாரம் அடித்ததுகூடக் காதில் விழாமல் அவள் தூங்கினாள். பெண் வந்து உலுக்கித்தான் எழுந்தாள். பல மாதமாக இப்படித் தூங்கியதில்லை. பல் தேய்க்கும்போது அது உறைத்தது. போன வாரம் முழுக்க, ஒரு நிமிடம், வேண்டாம், அரை நிமிடம் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்திருக்கலாம். தேர்வுக்குப் பார்த்தாள், மதிப்பெண் பட்டியலுக்குப் பார்த்தாள், இதற்கு மட்டும் பார்க்கவில்லை. எண்ணிக் கூட்டியதோடு சரி. ஏன் பார்க்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவருக்கு வந்த அதே ‘தெரியல’தான் அவளுக்கும் பதிலாக வந்தது. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். புருஷன் மேல் இருந்த கோபம் வடிந்துபோய், அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து அஞ்சல் வந்தது. இடம் கொடுத்திருக்கிறார்கள், நிபந்தனை ஒன்றும் இல்லை. எந்தப் பணத்தில் படிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் காட்ட வேண்டும். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, இல்லை ஒரு வருடம் தள்ளி வைக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் எதிரே வந்து நின்றார்.

“தள்ளி வெச்சா என்னென்ன திரும்பச் செய்யணும்?”

“இடம் மட்டும் அப்படியே இருக்கும். இங்கிலீஷ் மார்க்கு செல்லாது, அதுக்குள்ள ரெண்டு வருஷம் முடிஞ்சிடும். அதைத் திரும்ப எழுதணும். உதவித்தொகைக்கு முதல்லேர்ந்து. ரெண்டு கடிதம். சார் கிட்டத் திரும்பப் போய் நிக்கணும்.” சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. “கிடைக்கும்னும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் போடுவாங்க.”

அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். “ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே? அன்னிக்கு மூடிட்டாங்கன்னு நீ வந்து சொன்னப்போ, வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா கூடவே... அப்பாடான்னு இருந்துச்சு.”

“எனக்கும்” என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

“உனக்குமா? அப்போ விட்டுடேன். எதுக்கு இந்த அலைச்சல்? ரெண்டு பேருக்கும் நிம்மதின்னா யாருக்காக இது?”

“நல்லாத் தூங்கறேங்க” என்றாள். “ஒரு மாசமா நல்லாத் தூங்கறேன். லேபுக்குப் போறேன், வரேன், யாராவது கையெழுத்துப் போடுவாங்கன்னு அறிக்கையை வெச்சிட்டு வரேன். ஒண்ணும் குறையில்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போச்சுன்னா எனக்கு இதுவே பிடிச்சிடும். அதுக்கப்புறம் நீங்க கையைப் பிடிச்சு இழுத்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். அதான் பயமா இருக்கு.”

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் இல்லாமல், அலுத்துப்போன அழுகை. அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அதை அவள் தொடவில்லை. ஒரு வருடம் தள்ளி வைக்கும்படி கேட்கும் நான்கு வரிகளைத் தட்டினாள். ஒருமுறை படித்தாள். அனுப்பினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பாவுக்குத் தலை பின்ன எனக்கு வராது” என்றார். “ரெட்டைப் பின்னல். இன்னிக்கு சாயங்காலம் சொல்லிக்குடு.”